திங்கட்கிழமை காலை நின்றுபோன மெயில்

2020 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தின் ஐ.டி. பிரிவில் அப்போது வேலை பார்த்தேன். காலை பத்தரை மணிக்குள் இரண்டு புகார்கள் வந்தன. முதலாவது, செல்பேசியில் வந்த ஒற்றை வரி: "சார், அப்டேட் ஆனதுல இருந்து மெயில் வரல. அர்ஜென்ட்." இரண்டாவது, மெர்ச்சண்டைசிங் பிரிவிலிருந்து ஒரு பெண் எழுதிய கடிதம். இரண்டும் ஒரே கோளாறுதான் என்று மதியம்தான் தெரிந்தது. முதல் புகாரை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விவரம் கேட்கக் கூப்பிட்டால், அனுப்பியவர் தையல் கூடத்து இரைச்சலில் நின்றுகொண்டிருந்தார். இரண்டாவதைப் படித்து முடித்ததும் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அந்தக் கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது.

"வணக்கம் சார். தண்டர்பேர்டில் இன்று காலையிலிருந்து புது மெயில் இறங்கவில்லை. 9.10 மணிக்குத் திறந்தபோது அப்டேட் ஓடியது. இப்போது Help, About Thunderbird-இல் 78.3.2 என்று காட்டுகிறது. சனிக்கிழமை மாலை வரை நன்றாக இருந்தது. இன்பாக்ஸில் கடைசியாக இருப்பது சனிக்கிழமை மாலை 5.42 மெயில்.

பாஸ்வேர்டு கேட்கவில்லை. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. Get Messages அழுத்தினால் சில வினாடி சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. Work Offline-இல் டிக் இல்லை. மூடித் திறந்து பார்த்தேன், கம்ப்யூட்டரையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தேன். மாற்றமில்லை.

பக்கத்து மேசை அண்ணாவுக்கு மெயில் அனுப்பிப் பார்த்தேன், போய்ச் சேர்ந்தது. ஆனால் என்னுடைய Sent ஃபோல்டரில் அதன் நகல் இல்லை. அண்ணாவுக்கு எல்லா மெயிலும் ஒழுங்காக வருகிறது. அவருடையது இன்னும் 68.12.0 தான்.

வெப்மெயிலில் ஞாயிறு இரவு முதல் ஏழு புது மெயில்கள் இருக்கின்றன. இந்தக் கடிதத்தையும் அதிலிருந்துதான் அனுப்புகிறேன். இது சம்பந்தப்பட்டதா தெரியவில்லை, ஆனால் வெப்மெயிலைக் குரோமில் திறக்கும்போது சில வாரமாக Your connection is not fully secure என்று ஒரு பக்கம் வருகிறது. Advanced அழுத்தி உள்ளே போகிறேன். படம் இணைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குள் ஒரு பையருக்கு ஷிப்மென்ட் தேதி சொல்ல வேண்டும். அதை வெப்மெயிலில் பார்த்துக்கொள்வேன். நீங்கள் சொல்லும்வரை எதையும் அழிக்கவோ மறுபடி இன்ஸ்டால் செய்யவோ மாட்டேன். மூன்று மணி வரை இருக்கையில் இருப்பேன்."

இதில் தொழில்நுட்ப அறிவு என்று சொல்ல ஒன்றுமில்லை. கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறார், என்ன காரணமாக இருக்கும் என்ற ஊகத்தை எழுதவில்லை. "சர்வர் டவுன்" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் நான் நேரே சர்வர் அறைக்கு ஓடியிருப்பேன். அங்கே எல்லா விளக்கும் பச்சையாக எரிந்திருக்கும்.

அவர் சொன்னவை எனக்கு எப்படிப் பயன்பட்டன என்று பார்ப்போம். தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மென்பொருள்களை அஞ்சல் பெட்டியின் கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளலாம். எங்கள் அலுவலகத்தில் மெயில்கள் சர்வரில் இருக்கும். ஐமேப் என்னும் முறையில் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துத் தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். வெப்மெயிலில் ஏழு மெயில் இருக்கிறது, தண்டர்பேர்டில் இல்லை என்றால், மெயில் சர்வருக்கு வந்துவிட்டது, கண்ணாடியில்தான் விழவில்லை என்று பொருள். பையர்களிடமிருந்து வரும் வழியெல்லாம் சரி. அந்த ஒரு வாக்கியத்தால் பாதி வேலை முடிந்தது. வெப்மெயில் திறந்ததால் பாஸ்வேர்டும் சரி.

அனுப்பியது போய்ச் சேர்ந்தது, நகல் மட்டும் Sent-இல் இல்லை என்பது இன்னும் நுணுக்கமான தடயம். மெயில் வெளியே போகும் பாதை வேறு, உள்ளே வரும் பாதை வேறு. முதலாவது எஸ்.எம்.டி.பி., இரண்டாவது ஐமேப். Sent ஃபோல்டரும் சர்வரில் இருப்பதால், அனுப்பிய மெயிலின் நகல் ஐமேப் பாதையில்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆக, அவருடைய கம்ப்யூட்டருக்கு சர்வரோடு தொடர்பு இருக்கிறது, ஐமேப் பாதை மட்டும் அடைபட்டிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் வெளியே போகும் பாதைக்கு உள் நெட்வொர்க்கில் மறையாக்கம் இல்லை, உள்ளே வரும் பாதைக்கு உண்டு. அப்படியானால் சந்தேகம் மறையாக்கத்தின் மேல்தான் விழ வேண்டும்.

பக்கத்து மேசைக்காரருக்கு அதே சர்வர், அதே நெட்வொர்க். வேறுபாடு பதிப்பு எண் மட்டுமே. இங்கேதான் எண்ணின் அருமை தெரிகிறது. "அப்டேட் ஆச்சு" என்றால் விண்டோஸா, ஆன்டிவைரஸா, மெயில் மென்பொருளா என்றே தெரியாது. 68.12.0-இலிருந்து 78.3.2 என்றால், அந்த இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது என்று வெளியீட்டுக் குறிப்பில் தேடலாம். தேடினேன். 2020 ஜூலையில் வந்த தண்டர்பேர்ட் 78, டி.எல்.எஸ். 1.0, 1.1 ஆகிய பழைய மறையாக்க முறைகளை இயல்பாகவே நிறுத்திவிட்டது. இனி 1.2-க்குக் குறைந்து பேசாது.

டி.எல்.எஸ். என்பது கம்ப்யூட்டரும் சர்வரும் பேச்சைத் தொடங்குமுன் 'இந்த முறையில் மறைத்துப் பேசுவோம்' என்று செய்துகொள்ளும் உடன்பாடு. 1.0 வந்தது 1999-இல், 1.2 வந்தது 2008-இல். எங்கள் சர்வர் சென்ட்-ஓ.எஸ். 5-இல் ஓடியது. அதோடு வந்த ஓபன்-எஸ்.எஸ்.எல். நிரல் 0.9.8 வரிசை. அதற்கு டி.எல்.எஸ். 1.2 தெரியாது. செல்லாத பழைய நோட்டைக் கடைக்காரர் திருப்பிக் கொடுப்பது போல, புதிய தண்டர்பேர்ட் இந்த சர்வரின் கையை ஏற்க மறுத்தது. ஏன் மறுக்கிறேன் என்று பயனரிடம் சொல்லவுமில்லை. சும்மா சுற்றிவிட்டு நின்றது.

சம்பந்தமில்லையோ என்று தயங்கித் தயங்கி எழுதிய குரோம் எச்சரிக்கைதான் சந்தேகத்தை ஏறக்குறைய உறுதிசெய்தது. படத்தின் அடியில் NET::ERR_SSL_OBSOLETE_VERSION என்று இருந்தது. அதே பழைய முறையைப் பற்றித்தான் குரோமும் 2020 ஜூலை முதல் எச்சரித்துக்கொண்டிருந்தது. குரோம் எச்சரித்துவிட்டு வழிவிட்டது. தண்டர்பேர்ட் வழிவிடவில்லை. என் இருக்கையிலிருந்தே இரண்டு கட்டளைகளால் சோதித்தேன்.

```
openssl s_client -connect mail.example.com:993 -tls1_2
openssl s_client -connect mail.example.com:993 -tls1
```

993 என்பது மறையாக்கிய ஐமேப்பின் கதவு எண். முதல் கட்டளை உடன்பாடு ஏற்படாமல் முறிந்தது. இரண்டாவதற்கு சர்வர் தன் சான்றிதழைக் காட்டிப் பதில் சொன்னது. சந்தேகத்துக்கு இனி இடமில்லை.

இதே அறிகுறி வேறு காரணத்தாலும் வரும். மெயிலை இடையில் நின்று சோதிக்கும் ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகி இணைப்பைக் கெடுப்பது அடிக்கடி நடப்பது. அப்படியிருந்தால் வெப்மெயிலில் எச்சரிக்கை வந்திருக்காது, 78-க்கு மாறிய மற்றவர்களுக்கும் மெயில் வந்துகொண்டிருக்கும். பாஸ்வேர்டுப் பெட்டி திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு: அது உள்நுழைவுச் சிக்கல். ஆகவே 'பாஸ்வேர்டு கேட்கவில்லை' என்று நடக்காததை எழுதியதும் எனக்கு உதவியது.

அவுட்லுக் வைத்திருப்பவர்கள் இதே விவரங்களை வேறு இடத்தில் பார்க்க வேண்டும். பழைய வகை அவுட்லுக்கில் பதிப்பும் பில்டு எண்ணும் File, Office Account பக்கத்தில் இருக்கும். சன்னலின் அடிப்பட்டையில் வலது ஓரம் Disconnected, Trying to connect, Need Password, Working Offline என ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கோளாறைச் சொல்பவை. அதனால் அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் அப்படியே கடிதத்தில் எழுதுங்கள்.

படம் எடுத்து இணைக்கும்போது திரை முழுவதும் தெரிய வேண்டும், கடிகாரம் உட்பட. வாடிக்கையாளர் விவரம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் மறைத்துவிடுங்கள். பாஸ்வேர்டை எக்காரணம் கொண்டும் எழுத வேண்டாம். ஐ.டி. பிரிவுக்கு அது தேவையில்லை. கேட்டு வரும் மெயில் ஏமாற்றுக்காரருடையதாகவே இருக்கும்.

எதையும் அழிக்க மாட்டேன், மறுபடி இன்ஸ்டால் செய்ய மாட்டேன் என்ற வரிக்காக அந்தப் பெண்ணுக்கு இன்றும் நன்றி சொல்வேன். முதல் புகார் அனுப்பியவர் பொறுமை இழந்து, 78-ஐ நீக்கிவிட்டுப் பழைய 68-ஐத் தானே போட்டுவிட்டார். தண்டர்பேர்ட் தன் தரவுகளையெல்லாம் ப்ரொஃபைல் என்னும் கோப்புறையில் வைக்கும். புதிய பதிப்பு தொட்ட ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்காது. புதிதாக ஒன்று உருவாக்கட்டுமா என்று கேட்கும். அவர் சரி என்றார். பத்து வருட மெயிலும் காணாமல் போனது போல வெறும் திரை வந்தது. தரவு பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் முகவரிப் புத்தகத்தை 78 புதிய வடிவத்துக்கு மாற்றியிருந்தது, 68-க்கு அதைப் படிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர எனக்கு அன்று மாலை முழுதும் பிடித்தது.

கடிதம் எழுதியவருக்கு வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. தண்டர்பேர்டின் Config Editor-இல் security.tls.version.min என்று ஒரு மதிப்பு உண்டு. 78-இல் அது 3, அதாவது டி.எல்.எஸ். 1.2. அதை 1 ஆக்கினால் பழைய முறையையும் ஏற்கும். Get Messages அழுத்தியதும் ஏழு மெயிலும் வரிசையாக வந்து விழுந்தன. இது வைத்தியமல்ல, தற்காலிகக் கட்டு. அந்தக் கம்ப்யூட்டரின் தண்டர்பேர்ட் எந்த சர்வரோடும் பழைய முறையில் பேசச் சம்மதித்துவிடும் என்பதால், அலுவலகத்துக்கு உள்ளேயே இருக்கும் கணினிகளுக்கு மட்டும் அதைச் செய்தேன். வெளியே கொண்டுபோகும் லேப்டாப்களுக்குச் செய்யவில்லை. அவர்களை வெப்மெயிலிலும் விடாமல், புது சர்வர் வரும்வரை அலுவலகத்திலிருந்தே மெயில் பார்க்கச் சொன்னேன்.

அன்று மதியமே மற்ற கணினிகளில் தண்டர்பேர்ட் அப்டேட்டை நிறுத்திவைத்தோம். நிறுத்தாமல் விட்டிருந்தால் அந்த வாரத்துக்குள் ஒவ்வொரு மேசையாக மெயில் நின்றிருக்கும். சர்வரை மாற்ற மூன்று வாரம் ஆனது. மாற்றிய அன்று முதல் கட்டளையை மறுபடி ஓட்டினேன். இந்த முறை சர்வர் பதில் சொன்னது. இரண்டாம் மாடிக்குப் போய், அந்த 1-ஐ அழித்துவிட்டு 3 என்று எழுதினேன்.