முதலில் பின்னங்கால்

நான்கு கால் ரோபோ மெதுவாக நடக்கும்போது எப்போதும் மூன்று பாதங்கள் தரையில் இருக்கும். அந்த மூன்றையும் கோடிட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். உடலின் எடை மையம் அதற்குள் இருக்கும்வரை ரோபோ நிற்கும். வெளியே நழுவினால் சாயும். நான்கு கால்களைச் சுற்று முறையில் தூக்க ஆறு வரிசைகள் உண்டு. அவற்றுள் ஒன்றே மிக உறுதியானது என்று 1968-ல் மெக்கீ, ஃபிராங்க் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள்: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். அவசரமில்லாமல் நடந்து போகும் மாட்டைக் கவனியுங்கள். அதுவும் இதே வரிசையில்தான் கால் வைக்கிறது.

முதலில் ஒரு காலைப் பார்ப்போம். தொடை 6 செ.மீ., கீழ்க்கால் 6 செ.மீ., இடுப்பு தரையிலிருந்து 9 செ.மீ. உயரம். இடுப்பில் ஒரு சர்வோ, முழங்காலில் ஒரு சர்வோ. பாதம் இடுப்புக்கு நேர்கீழே இருக்கும்போது முழங்கால் ஏறத்தாழ 97 பாகையில் மடங்கியிருக்கும். பாதத்தை 2 செ.மீ. முன்னே கொண்டுபோக இடுப்பை மட்டும் திருப்பினால் பாதம் வில்லாக வளைந்து 2 மி.மீ. மேலே எழும்பிவிடும். தரையோடு நேர்கோட்டில் செல்ல வேண்டுமானால் முழங்கால் கூடவே 100 பாகைக்கு விரிய வேண்டும். இந்த மூன்று பாகையை விட்டுவிட்டால் ஒவ்வோர் அடியிலும் உடல் தாழ்ந்து எழும், பாதங்கள் மாறிமாறித் தரையை விட்டு எழும்.

இனி நேரம். ஒரு சுற்று 2 வினாடி என்றால், ஒவ்வொரு காலும் அரை வினாடி காற்றில் இருக்கும். மீதி ஒன்றரை வினாடி தரையில் ஊன்றி 4 செ.மீ. பின்னுக்குத் தள்ளும். உடலை முன்னே கொண்டுபோவது இந்தத் தள்ளல்தான்.

எடை மையம் உடலின் நட்டநடுவில் இருப்பதாகக் கொள்வோம். இடது முன்னங்காலைத் தூக்கும் நொடியில் இடது பின்னங்கால் அப்போதுதான் முன்னே வந்து ஊன்றியிருக்கும். அதனால் முக்கோணத்தின் முன் விளிம்பு எடை மையத்துக்கு 13 மி.மீ. முன்னால் இருக்கும். உடல் நகர நகர அந்த இடைவெளி சுருங்கி, தூக்கிய கால் தரையைத் தொடும்போது சரியாகப் பூஜ்யமாகும். வரிசையை மாற்றி முன்னங்காலை முதலில் தூக்கினால், தொடக்கமே பூஜ்யம். முடிவில் எடை மையம் 13 மி.மீ. வெளியே போய்விடும். தூக்கிய முன்னங்கால் பக்கமாக உடல் கவிழ்ந்து, அந்தப் பாதம் சேர வேண்டிய இடத்துக்குமுன்பே தரையில் இடிக்கும். தட்டென்ற சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

சரியான வரிசையிலும் மிச்சம் பூஜ்யம்தான் என்பதை மறக்கக்கூடாது. மின்கலத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளி வைத்தாலே விளிம்பு தாண்டிவிடும். ஆகவே இடது கால்களைத் தூக்குமுன் நான்கு பாதங்களையும் ஊன்றியபடி உடலை ஒன்றிரண்டு செ.மீ. வலப்பக்கம் சாய்த்துவிட வேண்டும். வலது கால்களுக்கு இடப்பக்கம். நடை சற்று மந்தமாகும், ஆனால் எடை மையம் முக்கோணத்துக்குள் நன்றாகத் தள்ளி நிற்கும்.