மருந்துக்குக் கேட்காத மனச்சோர்வு: அடுத்த படி எது?

"எட்டு மாதமாக மருந்து சாப்பிடுகிறேன் டாக்டர், ஒன்றும் கேட்கவில்லை."

தோட்டத்தை விட்டுச் சுங்கைப் பட்டாணி அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த ஐம்பது வயது அம்மா ஒருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பயிற்சியில் இருக்கும் இளம் மனநல மருத்துவர் உடனே புது மருந்து எழுதலாமா?

கூடாது. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், ஒவ்வொன்றையும் ஆறு வாரமாவது முறையாகச் சாப்பிட்டும் பலனில்லை என்றால்தான் அது 'மருந்துக்குக் கேட்காத மனச்சோர்வு'. ஆகவே முதல் கேள்வி, "எப்படிச் சாப்பிடுகிறீர்கள் அம்மா?"

"வயிற்றைப் புரட்டுதுங்க. ஒருநாள் விட்டு ஒருநாள்தான்."

செர்ட்ராலின் 50 மில்லிகிராம், அதுவும் பாதி நாள்! நோய் அடங்கவில்லை என்பதைவிட, மருந்து போய்ச் சேரவில்லை என்பதே சரி. சாப்பாட்டுக்குப் பின் தினமும் எடுக்கச் சொல்லி, படிப்படியாக அளவைக் கூட்ட வேண்டும். 200 மில்லிகிராம் வரை இடமுண்டு. தைராய்டு இரத்தப் பரிசோதனையும் தேவை. தூக்கமே இல்லாமல் துள்ளித் திரிந்த காலம் உண்டா, மது உண்டா என்று வீட்டாரையும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். அப்போது சிகிச்சையே வேறு.

இவையெல்லாம் சரியாகி, இரண்டாவது மருந்தும் தோற்றால்? அமெரிக்காவின் 'ஸ்டார்-டி' ஆய்வு (2006) மூன்றாம் படியில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவரே முழுதாகத் தேறியதாகக் காட்டியது. மாத்திரையை மாற்றிக்கொண்டே இருப்பதில் பெரிய பயனில்லை. இருக்கும் மருந்தில் பாதிக் குணமாவது தெரிந்தால் அதை விடாமல் லித்தியமோ அரிப்பிப்ரசோலோ சேர்க்கலாம். லித்தியம் இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் இருக்க வேண்டும். வெயிலில் உழைத்து உடலில் நீர் வற்றினாலும், மூட்டுவலிக்குக் கடையில் ஐபுப்ரோபன் வாங்கி விழுங்கினாலும் அந்த அளவு எகிறும். கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் கண்டால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். அரிப்பிப்ரசோலில் வரும் வேறொரு தொல்லை, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு. நோய்தான் முற்றிவிட்டது என நினைத்து அளவைக் கூட்டினால் தவிப்பும் கூடும்.

அதற்கு மேல் கெட்டமின். எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம், நாற்பது நிமிடத்தில் நரம்பு வழியே செலுத்துவார்கள். இரத்த அழுத்தம் ஏறும் என்பதால் கண்காணிப்பு அவசியம். சில மணி நேரத்திலேயே மனம் லேசாகும். ஆனால் ஒருமுறை போட்டதோடு நிறுத்தினால், ஓரிரு வாரத்தில் பழைய நிலையே திரும்புவது வழக்கம்.

மின் அதிர்ச்சி சிகிச்சை என்றதும் பலருக்கும் சினிமாக் காட்சிதான் ஞாபகம் வருகிறது. இன்று அது மயக்க மருந்து கொடுத்தே செய்யப்படுகிறது. தற்காலிக மறதி வரலாம். 2023இல் வெளிவந்த அமெரிக்க ஒப்பாய்வில் கெட்டமின் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினரும், மின் சிகிச்சை பெற்றவர்களில் 41 விழுக்காட்டினரும் குணம் கண்டனர். இதைப் படித்துவிட்டு மின் சிகிச்சையை ஒதுக்கிவிடக்கூடாது. காதில் குரல் கேட்பது போன்ற மனப்பிறழ்வு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை.

காந்தத் தூண்டலுக்கு மயக்க மருந்து வேண்டாம். ஆனால் வாரம் ஐந்து நாள், நான்கிலிருந்து ஆறு வாரம் வர வேண்டும். பாலிங் பக்கத்திலிருந்து பேருந்தில் வருபவருக்கு அது முடியுமா என்றும் மருத்துவர் கேட்க வேண்டும்.

அதே அம்மா சோறும் தண்ணீரும் மறுத்து, "நான் செத்துப்போனவள்" என்று சொல்லிக் கிடந்தால் இந்தப் படிகளை ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்க நேரமில்லை. அவரை மருத்துவமனையில் சேர்த்து, மின் சிகிச்சையைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.