மெஷினுக்கு எந்தக் கடன், பில்லுக்கு எந்தக் கடன்?

கோவையில் பம்பு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு பட்டறையைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு பில் போடுகிறார்கள். வங்கியில் ஓடி லிமிட் 30 லட்சம். அதில் 20 லட்சம் எப்போதும் புழங்குகிறது. இப்போது பெரிய கம்பெனி ஒன்று மாதம் 5 லட்சத்துக்குப் புது ஆர்டர் தருகிறது. அதற்கு 15 லட்சத்தில் ஒரு சிஎன்சி லேத் வேண்டும்.

ஓடியில் 10 லட்சம் சும்மா கிடக்கிறது, கையில் 5 லட்சம் இருக்கிறது. இரண்டையும் போட்டு லேத்தை வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். பல பட்டறைகள் மூச்சு முட்டுவது இந்த இடத்தில்தான். ஆர்டர் கைக்கு வந்த பிறகு பணம் எந்த மாதம் போகிறது, எந்த மாதம் திரும்புகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் காரணம் தெரியும்.

ஜூலையில் வேலை தொடங்குகிறது. மாதம் காஸ்டிங்குக்கு 2 லட்சம். கூலி, மின்சாரம், மற்ற செலவுக்கு 2 லட்சம். காஸ்டிங் தருபவர் ஒரு மாதம் கடன் கொடுப்பதால் ஜூலையில் 2 லட்சம்தான் வெளியே போகும். ஆகஸ்டில் 4, செப்டம்பரில் 4. ஜூலைக் கடைசியில் போட்ட முதல் பில்லுக்குப் பணம் 60 நாள் கழித்து, செப்டம்பர் முடிவில்தான் வரும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், திட்டம் போடும்போது நடப்பை வைத்தே போட வேண்டும். ஆக, முதல் ரூபாய் வருவதற்குள் 10 லட்சம் முடங்கிவிடுகிறது. ஓடியில் மீதமிருந்த அதே 10 லட்சம்! அதை லேத்தில் போட்டிருந்தால் காஸ்டிங் வாங்கப் பணமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. லிமிட் 30 லட்சம் என்றாலும், மாதாமாதம் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்டைப் பார்த்துத்தான் எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி முடிவு செய்யும். சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் கூட்டி, நாம் தர வேண்டியதைக் கழித்து, பெரும்பாலும் அதில் முக்கால் பங்கை அனுமதிப்பார்கள். அந்தக் கணக்கில் லேத்துக்கு இடமே இல்லை. புது ஆர்டரோ செப்டம்பரில் 4 லட்சம் சரக்காகவும் 10 லட்சம் பாக்கியாகவும் நிற்கும். காஸ்டிங் கடன் 2 லட்சம் போக, மீதி 12 லட்சத்தில் முக்கால் பங்கு, 9 லட்சம், ஓடியிலேயே கிடைக்கும்.

ஆகவே லேத்துக்கு டேர்ம் லோன். நம் பங்கு 3 லட்சம், கடன் 12 லட்சம். ஐந்து வருடம், 10.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 25,800 ரூபாய். ஆர்டரில் மாதம் 1 லட்சம் மிஞ்சுவதால் தவணையைத் தாங்கும், ஆனால் அக்டோபரிலிருந்துதான். தவணை தொடங்க ஆறு மாத அவகாசம் வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும். பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். கைக்காசில் மீதமுள்ள 2 லட்சத்தில் ஒன்று, ஓடி எட்டாத அந்த 1 லட்சத்துக்குப் போகும்.

இதுவரை சரி. கம்பெனி 60 நாளில் தராமல் 90 நாளுக்கு இழுத்தால்? இன்னும் 4 லட்சம் வேண்டும். ஓடி 29 லட்சத்தில் நிற்கிறது. பில்லை விற்றுப் பணமாக்கும் வழி உதவுவது இங்கேதான். ரிசர்வ் வங்கி அனுமதித்த ட்ரேட்ஸ் தளங்களில் பில்லை ஏற்றி, வாங்கியவர் ஒப்புக்கொண்டால், வங்கிகள் ஏலம் கேட்டு அதை எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் பிறகு பணம் கட்டத் தவறினாலும் வங்கி நம்மிடம் திருப்பிக் கேட்காது. விற்றுமுதல் 250 கோடிக்கு மேலுள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31க்குள் இதில் சேர வேண்டும் என்று 2024இல் உத்தரவானது. வட்டி வாங்குபவரின் பெயரைப் பார்த்து விழுவதால் நம் ஓடியைவிடக் குறைவாக இருக்கக்கூடும். 5 லட்சம் பில், மீதி 45 நாள், 9 சதவீதம் என்றால் பிடித்தம் சுமார் 5,550 ரூபாய். தளக் கட்டணம் தனி.

ஆனால் விற்ற பில்லை ஸ்டாக் ஸ்டேட்மென்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கியது தெரிந்தால் வங்கியின் நம்பிக்கை போய்விடும். எடுத்தால் ஓடி அனுமதிக் கணக்கில் 3.75 லட்சம் குறையும். அந்தக் கணக்கு லிமிட்டுக்குள் இருந்தால் 5 லட்சம் பில்லை விற்றும் கூடுதலாகக் கிடைப்பது 1.2 லட்சம்தான். பாக்கி பெருகி லிமிட்டையும் தாண்டி நிற்கும்போது விற்றால்தான் பெரும்பகுதி புதுப் பணம். பாக்கிகள் ஏற்கெனவே ஓடிக்கு ஈடாக இருப்பதால், வங்கி மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

திட்டம் சரியாகப் போகிறதா என்பதை ஓடிக் கணக்கே காட்டிவிடும். பில் பணம் வந்ததும் இறங்கி, காஸ்டிங் வாங்கும்போது ஏறினால் நலம். மாதக்கணக்கில் உச்சியிலேயே நின்றால், எங்கோ ஒரு நிரந்தரச் செலவு அதற்குள் புகுந்திருக்கிறது. அனுமதித்த அளவைத் தாண்டித் தொடர்ந்து 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்கு முன்பே வங்கிக்குப் போய், அந்தப் பகுதியைத் தவணைக் கடனாக மாற்றித் தரக் கேட்க வேண்டும்.