மறுபடியும் எஸ்.டி.பி.எம். எழுதப் போகும் பிள்ளைக்கு ஓராண்டுத் திட்டம்

தோட்டங்களுக்குப் போகிறபோது பெற்றோர் நம்மிடம் கேட்பது சம்பளக் கணக்கு மட்டுமல்ல. “அண்ணே, புள்ளைக்கு எஸ்.டி.பி.எம். ரிசல்ட்டு கொறைஞ்சு போச்சு. நெனச்ச யுனிவர்சிட்டி கிடைக்கல. திரும்ப எழுதுறேங்கிறா. ஒரு வருசம் சும்மா ஒக்கார வைக்க நமக்கு வசதி ஏது? வேலைக்கும் போகணும், டியூஷனுக்கும் போகணும்னா நடக்குமா?” என்று கேட்கிறார்கள். நடக்கும். ஆனால் மணிக்கணக்கை முதலிலேயே போட்டு வைத்தால்தான் நடக்கும்.

முதலில், மறுபடி எழுதத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். இடம் கிடைக்காததற்குக் காரணம் முவெட் ஆங்கிலச் சோதனையின் குறைந்த பேண்டு என்றால், அதற்காக எல்லாப் பாடத்தையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. முவெட்டைத் தனியாக எழுதிக்கொள்ளலாம். யு.பி.யு. மேல்முறையீடு செய்யலாம். கேட்ட துறைக்குப் பக்கத்துத் துறை கிடைக்குமா என்றும் பார்க்கலாம். இந்த வழிகளெல்லாம் அடைபட்ட பிறகே ஓராண்டைச் செலவிடத் துணிய வேண்டும்.

அடுத்தது, எந்தப் பாடத்தை உயர்த்துவது என்பது. கணக்குக்காக ஒரு பிள்ளையை வைத்துக்கொள்வோம். பெங்காஜியான் ஆம் பாடத்தில் சி, அதாவது 2.00. சரித்திரத்தில் சி பிளஸ், 2.33. மலாயில் பி, 3.00. வணிகத்தில் பி பிளஸ், 3.33. நான்கையும் கூட்டினால் 10.66. நான்கால் வகுத்தால் சராசரி 2.67.

“வணிகம் நல்லா வருது, அதுல ஏ எடுத்துட்டா போதும்” என்று பிள்ளை சொல்லுவாள். செய்து பார்ப்போம். வணிகம் 4.00 ஆனால் கூட்டுத்தொகை 11.33, சராசரி 2.83. அதற்குப் பதிலாகக் கீழே கிடக்கும் இரண்டு பாடங்களையும் பி அளவுக்கு ஏற்றினால் கூட்டுத்தொகை 12.33, சராசரி 3.08. பிடித்த பாடத்தில் மேலே ஏறுவதைவிட, விழுந்த பாடத்தைத் தூக்கி நிறுத்துவதில்தான் லாபம் அதிகம். ஓராண்டு உழைப்பும் முக்கியமாக அந்த இரண்டு பாடங்களுக்கே போக வேண்டும். மற்ற இரண்டும் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எஸ்.டி.பி.எம். மூன்று தவணைகளாக நடக்கிறது. பெரும்பாலான பாடங்களில் 80 விழுக்காடு மூன்று தவணைத் தாள்களுக்கும், 20 விழுக்காடு பள்ளியில் செய்யும் இடுபணிக்கும் உரியது. ஆகவே, எந்தத் தவணையில் மார்க்கு போனது என்பதை முடிவுத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். தனியார் பரீட்சார்த்தியாகப் பதியப் போகும்போது, எந்தத் தாள்களை எழுத வேண்டும், பழைய இடுபணி மார்க்கை எடுத்துக்கொள்வார்களா, புதிதாகச் செய்ய வேண்டுமா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பதிவுத் தேதி தவறினால் ஆண்டே தவறிவிடும்.

இனி டியூஷனுக்கு வருவோம். எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் வைத்தால் காசும் போகும், சொந்தமாகப் படிக்கும் நேரமும் போகும். எதற்கு வேண்டும் என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். மறுநாள் அதே தாளை நேரக் கட்டுப்பாடு இல்லாமல், புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் முறை நன்றாக வந்தால், குறை மனப்பாடத்திலும் வேகத்திலும் இருக்கிறது. அது வீட்டிலேயே உழைத்துச் சரிசெய்யக் கூடியது. புத்தகம் திறந்திருந்தும் பதில் சரியாக அமையவில்லை என்றால், கேள்வி என்ன கேட்கிறது என்பதும் கட்டுரையை எப்படி அமைப்பது என்பதும் பிடிபடவில்லை. அங்கேதான் ஆசிரியர் தேவை. அந்த ஆசிரியரும் நோட்ஸ் கொடுப்பவராக மட்டும் இருந்தால் போதாது. பிள்ளை எழுதிய பதிலைத் திருத்தி, மார்க்கு எங்கே போனது என்று காட்டுபவராக இருக்க வேண்டும். சேர்வதற்கு முன் இதைக் கேளுங்கள்.

வேலை விஷயம் தொழிற்சங்கத்துக்குத் தெரிந்த விஷயம். பகுதிநேரத் தொழிலாளருக்கென 2010-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. முழுநேரத் தொழிலாளி செய்யும் மணியில் 30 விழுக்காட்டுக்கு மேல், 70 விழுக்காட்டுக்கு மேற்படாமல் வேலை செய்பவர் பகுதிநேரத் தொழிலாளி. வாரம் 45 மணி வேலை நடக்கும் இடத்தில், இது பதின்மூன்றரை மணிக்கு மேல் முப்பத்தொன்றரை மணி வரை. அவருக்கும் அளவுக்கேற்ற வருடாந்திர விடுப்பு, மருத்துவ விடுப்பு, பொது விடுமுறைச் சம்பளம் உண்டு. சேமநிதி, சொக்சோ சந்தாவும் கட்ட வேண்டும். “பார்ட் டைம்தானே, அதெல்லாம் கிடையாது” என்று முதலாளி சொன்னால் நம்ப வேண்டாம். 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தின்படி மணிக்கு 8 வெள்ளி 17 காசு வருகிறது.

நம் பிள்ளை பட்டணத்துக் கடையில் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி பிற்பகல் 1 முதல் 6 வரை வேலை செய்கிறாள் என்று வைப்போம். வாரம் 20 மணி. சம்பளம் 163 வெள்ளி 40 காசு, நான்கு வாரத்துக்கு 653 வெள்ளி 60 காசு. சேமநிதிப் பிடித்தம் போக மீதியில் பஸ் காசும் டியூஷன் காசும் போய், வீட்டுக்கும் கொஞ்சம் நிற்கும். போக வர தினம் 2 மணி என்றால், அதில் வாரம் 8 மணி போகிறது. புதன் மாலையும் சனி காலையும் டியூஷன் 4 மணி.

சொந்தப் படிப்பு வேலை நாள்களில் காலை 8 முதல் 11 வரை, நான்கு நாளில் 12 மணி. புதன் காலை 4, சனி பிற்பகல் 3, ஞாயிறு காலை 5. ஆக 24 மணி. ஞாயிறு பிற்பகல் ஓய்வு. கடினமான பாடம் காலையில்தான் வர வேண்டும். ஐந்து மணி நேரம் நின்று, பஸ்ஸில் ஆடி வந்த பிறகு இரவில் புது விஷயம் ஏறாது.

இந்தத் திட்டம் உடைவது பெரும்பாலும் கடையில்தான். தீபாவளி, நோன்புப் பெருநாள் வியாபாரம் வந்தால் “ரெண்டு நாள் கூட வா” என்பார்கள். காசும் ஆசை காட்டும். ஆகவே, வேலைக்குச் சேரும்போதே வாரம் 20 மணி என்று எழுத்தில் வாங்கி, பரீட்சை அட்டவணை வந்ததும் அந்த வாரங்களுக்கு விடுப்பு கேட்டுவிட வேண்டும். உடைவதை எப்படி அறிவது? மாதம் ஒருமுறை கடிகாரம் வைத்து ஒரு பழைய தாள் எழுதி, மார்க்கை நோட்டில் குறியுங்கள். இரண்டு மாதம் மார்க்கு அசையவில்லை என்றால், முதலில் சொந்தப் படிப்பு 24 மணி உண்மையில் நடந்ததா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் வேலையில் ஒரு நாளைக் குறையுங்கள். நடந்தும் அசையவில்லை என்றால் டியூஷனை மாற்றுங்கள்.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. காலை 8 முதல் 11 வரை தம்பி தங்கையைப் பார்ப்பது, சமைப்பது, கடைக்கு ஓடுவது ஆகியவற்றை அந்தப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். “வீட்டுலதானே இருக்கா” என்ற ஒரு வார்த்தையில் அந்த 24 மணியும் கரைந்துவிடும்.