மழையில் கிழிந்த சிட்டை

கெலிஓயாவில் நோன்புக்கு முந்திய வாரம். சில்லறைக் கடையொன்றிலிருந்து கண்டி மொத்தக் கடைக்குப் போன சாமான் சிட்டை, மழையில் நனைந்து வலது ஓரம் கிழிந்துவிட்டது. சாமான்களின் பெயர்கள் மிஞ்சின. அளவுகளெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருந்தன!

மொத்த வியாபாரி போன மாதத்துப் பில்லைப் புரட்டினார். பருப்பு, சீனியை அதன்படி ஏற்றினார். ஈச்சம்பழம்? பழைய பில்லில் அதுவே இல்லை. சிட்டையில் '1' மட்டும் தெரிந்தது. ஒரு கிலோ அனுப்பினார். எழுதியிருந்ததோ 15.

“கூட்டி அனுப்பினால் மிஞ்சும் நானா, குறைந்தால் அடுத்த லொறியில் வரும்” என்றாராம். நியாயந்தான். ஆனால் அடுத்த லொறி வந்தது நோன்பு நான்கில். அதுவரை வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போனார்கள்.

இப்போது சிட்டை எழுதுவது கடைக்காரரின் மனைவி. அளவை முதலில், எழுத்தாலும் எழுதுகிறார்: “பதினைந்து கிலோ ஈச்சம்பழம்.” மைப் பேனை இல்லை, போல் பேனை. அடியில் கார்பன் தாள். பிரதி வீட்டிலேயே.