கீறலுக்கு விலை வைப்பது யார்?

செல்ஃப் டிரைவ் காருக்கான டெபாசிட் இரண்டு விதமாக வாங்கப்படுகிறது. சில நிறுவனங்கள் பணத்தையே வாங்கிக்கொண்டு பிறகு திருப்பித் தருகின்றன. சில நிறுவனங்கள் அந்தத் தொகையை கார்டில் பிளாக் செய்து வைக்கின்றன. பிளாக் செய்த பணம் உடனே நிறுவனத்தின் கைக்குப் போவதில்லை. கிரெடிட் கார்டு என்றால் செலவு வரம்பு அந்த அளவுக்குக் குறையும். டெபிட் கார்டு என்றால் கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாது. கார் திரும்பி வந்ததும் பெட்ரோல், தாமதம், கீறல் மூன்றுக்கும் கணக்குப் பார்த்த பிறகே அது விடுபடும்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு இரண்டு நாள் போய்வரும் ஒரு பயணத்தை உதாரணமாகக் கொள்ளலாம். பிளாக் ஆன தொகை 5,000 ரூபாய். எடுக்கும்போது பெட்ரோல் மீட்டரில் எட்டுக் கோட்டில் ஏழு இருந்தது, திரும்பும்போது ஆறு. டேங்க் 40 லிட்டர் என்றால் ஒரு கோட்டுக்கு 5 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். லிட்டர் 100 ரூபாய் வீதம் 500, நிரப்பும் கூலி 200, ஆக 700 ரூபாய். ஆனால் மீட்டர் அவ்வளவு துல்லியமானதல்ல. டேங்க் நிறைந்திருக்கையில் முதல் கோடு இறங்கவே நேரமாகும். சரிவில் நிறுத்தினாலும் அளவு மாறிக் காட்டும். காரை ஒப்படைக்கும் இடத்துக்குப் பக்கத்து பங்க்கிலேயே நிரப்பி, லிட்டரும் நேரமும் உள்ள ரசீதை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழாது.

மாலை 6 மணிக்கு வரவேண்டிய கார், கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் சிக்கி 7.40-க்கு வருகிறது. அரை மணி நேரச் சலுகை போக மீதமுள்ள 70 நிமிடம் இரண்டு மணி நேரமாகக் கணக்காகிறது. மணிக்கு 300 வீதம் 600 ரூபாய். தாமதக் கட்டணம் வழக்கமான வாடகையைவிடக் கூடுதலாகவே இருக்கும். கெடு முடிவதற்குள் வாடகையை நீட்டித்திருந்தால் வழக்கமான கட்டணத்தோடு போயிருக்கும்.

இதுவரை 1,300 ரூபாய். பின் பம்பரின் ஓரத்தில் இரண்டு அங்குலக் கீறல் என்று 3,500 ரூபாய் சேர்ந்தால் 4,800 ஆகிவிடும். கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். பெட்ரோலையும் நேரத்தையும் இரு தரப்பும் அளந்து பார்க்கலாம். கீறல் எப்போது விழுந்தது என்பதை அளக்கக் கருவி கிடையாது. வாடிக்கையாளர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அடித்தளப் பார்க்கிங்கின் மங்கலான வெளிச்சத்தில், ஒரு தரப்பு மட்டும் காரைப் பார்த்துத் தொகையை முடிவு செய்வது நியாயமாகாது. சேதத்தை மறைத்துவிட்டுப் போகும் வாடிக்கையாளர்களும் உண்டு என்று நிறுவனங்கள் சொல்வதில் உண்மை உண்டு. அதற்கும் தீர்வு இருவரும் சேர்ந்து பார்ப்பதுதான்.

கீறலிலும் வகை உண்டு. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுவது வெறும் அழுக்கு. நகத்தால் தடவும்போது நகம் சிக்கவில்லை என்றால் பெரும்பாலும் மேல்பூச்சு மட்டுமே உரசியிருக்கும். பாலிஷ் போட்டாலே மறைந்துவிடும். நகம் சிக்கினால்தான் பெயின்ட் வேலை. நிறம் ஒத்துப்போக வேண்டும் என்பதால் அந்தப் பாகம் முழுவதற்கும் பெயின்ட் அடிப்பார்கள். பாலிஷில் தீரும் உரசலுக்கு முழுப் பாகத்தின் தொகையைப் பிடிப்பதுதான் அநியாயம். ஆகவே எடுக்கும்போதும் ஒப்படைக்கும்போதும் பம்பரின் நான்கு மூலைகள், வீல் விளிம்புகள், முன் கண்ணாடி ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில், தேதியும் நேரமும் பதிவாகும்படி படமெடுக்க வேண்டும். தூசி படிந்த காரிலும் ஈரக் காரிலும் கீறல் தெரியாது. துடைத்த பிறகே எடுக்க வேண்டும். பணம் பிடித்தால் ஒர்க்‌ஷாப் பில்லைக் கேட்க வேண்டும். பழுது பார்க்காமலே கார் அடுத்த வாடகைக்குப் போனால், அதே கீறலுக்கு இன்னொருவரிடமும் பணம் கேட்கப்படாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கணக்கு முடிந்ததும், பிளாக் ஆன தொகையிலிருந்தே 4,800-ஐ எடுத்துக்கொண்டு 200-ஐ விடுவிப்பது ஒரு முறை. 4,800-ஐத் தனியாக வசூலித்துவிட்டு பிளாக்கை அப்படியே விட்டுவிடுவது மற்றொன்று. அப்போது சில நாட்களுக்கு இரண்டு தொகையும் முடங்கியதுபோல் தோன்றும். நிறுவனம் விடுவித்தாலும் வங்கியில் அது தெரியச் சில வேலை நாட்கள் ஆகலாம். கெடு கடந்தால் பிளாக் தானாகக் காலாவதியாகும். பிளாக் செய்தபோது உருவான அனுமதி எண்ணை வாங்கி வைத்திருந்தால், வங்கி அதைக்கொண்டு தேடிப் பார்க்க முடியும். பிளாக் விலகியதாலேயே கணக்கு முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. சுங்கக் கட்டணமும் போக்குவரத்து அபராதமும் பின்னால் வரக்கூடும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அளவுக்கு மிஞ்சிய டெபாசிட் கேட்பதையும், இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டத்தொகை விதிப்பதையும் நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அத்தகைய ஒப்பந்தம் குறித்த புகாரை மாநில ஆணையத்தில், இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.