அந்தப் பின்னணி இசை என்ன?

சமையல் வீடியோவில் வெங்காயம் வதங்கும்போது மெல்லிய பியானோ ஒன்று ஓடுகிறது. “என்ன மியூசிக் இது?” என்று கீழே கேட்டால் பதில் வருவது அபூர்வம். இருபது நிமிட வீடியோவில் எந்த இசையைக் கேட்கிறீர்கள் என்று தேட யாருக்கும் பொறுமை இருக்காது.

முதலில் நேரத்தைச் சொல்லுங்கள். யூடியூபில் 2:14 என்று எழுதினாலே அது இணைப்பாகிவிடும். தொட்டவர் நேரே அந்த இடத்துக்குப் போவார். பேச்சுச் சத்தம் குறைவான இடமாகப் பார்த்துக் கொடுப்பது நல்லது.

அடுத்து, எதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்று சொல்ல வேண்டும். ஷாஜாம் போன்ற செயலி ஒலிப்பதிவைத்தான் ஒப்பிடுகிறது. அதே மெட்டை வேறொருவர் வாசித்திருந்தால் அது கைவிரித்துவிடலாம். மனிதக் காது அங்கேதான் ஜெயிக்கிறது.

இப்படி எழுதிப் பாருங்கள்: “2:14 முதல் 2:40 வரை வரும் பியானோ என்ன? பாட்டு இல்லை. ரொம்ப மெதுவாக, மூன்று எண்ணிக்கையில் போகிறது. ஒரு தாழ்ந்த சுரம், உடனே மேலே ஒரு கார்டு, திரும்பத் திரும்ப. ஷாஜாமில் கிடைக்கவில்லை, வீடியோ விவரத்திலும் பெயர் இல்லை.”

பியானோ பழகிய ஒருவர் இதைப் படித்ததுமே எரிக் சாட்டி 1888-இல் எழுதிய முதல் ‘ஜிம்னோபெடி’யாக இருக்குமோ என்று யோசிப்பார். கேட்டுப் பார்த்து உறுதி செய்ய அவருக்குச் சில விநாடி போதும்.

வாசித்தவர் யார் என்பது வேறு கேள்வி. அந்தப் பதிவே வேண்டுமென்றால் அதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.